ஐஎஸ்ஓ 17100: ஐந்து வருட மொழிபெயர்ப்பு அனுபவத்துக்கு எது ஆதாரம்?

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வேலை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு: கிரேன், கம்ப்ரசர் பராமரிப்புக் கையேடுகள். 2019 முதல் முழுநேரம். பட்டம் எதுவும் இல்லை.

ஒரு வெளிநாட்டு ஏஜென்சி ஐஎஸ்ஓ 17100 தணிக்கைக்காக என் தகுதிச் சான்று கேட்கிறது. அந்தத் தரநிலை மூன்று வழி தருகிறது: மொழிபெயர்ப்பில் பட்டம், வேறு பட்டத்தோடு இரண்டு வருட முழுநேர அனுபவம், அல்லது ஐந்து வருட முழுநேர அனுபவம். எனக்கு மூன்றாவதுதான்.

முதலில் நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினேன், திருப்பிவிட்டார்கள். நியாயம்தான். நோட்டரி பார்ப்பது கையெழுத்தை, 'டார்க்' எனும் முறுக்கு விசையின் அளவு சரியாகப் பெயர்ந்திருக்கிறதா என்பதை அல்ல. பிறகு வருமான வரித்துறையின் 26ஏஎஸ் படிவம். அதில் யார் எவ்வளவு பணம் தந்து வரி பிடித்தார்கள் என்பது தெரியும், எந்த வேலைக்கென்று தெரியாது. இன்வாய்ஸில் வார்த்தைக் கணக்கு இருக்கிறது, ஆனால் ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் கையேட்டுப் பக்கத்தைக் காட்ட முடியாது. இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு இந்தத் தொல்லை இல்லை. புத்தகத்தில் பெயர் இருக்கும், மூலத்தை எடுத்து யாரும் ஒப்பிடலாம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ் தரும் ஆஸ்திரேலியாவின் நாட்டி தேர்வையும் பார்த்தேன். அது துறைசாராப் பொதுப் பத்திகளை வைத்துச் சோதிப்பது. எனக்கு வேண்டியது அனுபவச் சான்று.

வாடிக்கையாளர் லெட்டர்ஹெட்டில் மொழி இணை, துறை, காலம், மொத்த வார்த்தை மட்டும் எழுதி, ஆவணப் பெயரே இல்லாமல் தந்த கடிதத்தை 17100 தணிக்கையில் ஏற்றுக்கொண்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?