ஃபீஸ் கட்டப் புது வங்கிக் கணக்கு: யாராவது உறுதி செய்தீர்களா?

வணக்கம். இரண்டாம் பருவ ஃபீஸைப் புதுக் கணக்கில் கட்டச் சொல்லி நேற்று இரவு நம் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி வந்தது. பள்ளி முத்திரையெல்லாம் இருக்கிறது. ஆனால் அனுப்பிய அம்மாவைக் கேட்டால், அவருக்கும் ஃபார்வர்டாக வந்ததாம்.

வங்கி ஆப்பில் அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தேன். போன வருட ரசீதில் அறக்கட்டளை பெயர். இதில் யாரோ ஒரு தனிநபர் பெயர் காட்டுகிறது. அதோடு நிறுத்திவிட்டேன்.

செய்தியில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டால் அந்தச் செய்தியைத் தயாரித்தவரே எடுத்து 'ஆமாம்' என்பார். அதனால் பழைய ரசீதில் இருந்த அலுவலக எண்ணுக்கு அடித்தேன். ஞாயிறு என்பதால் யாரும் எடுக்கவில்லை.

நாளை காலை பிள்ளையை விடப் போகிறவர்கள் அலுவலகத்தில் இதைக் காட்டிக் கேட்டுச் சொல்ல முடியுமா? எனக்கு காலை ஷிஃப்ட். ஏற்கெனவே கட்டியவர்கள் காத்திருக்காமல் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.