அம்மாவின் படபடப்பு: சர்க்கரை இறக்கமா, பயமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு மாத்திரை சாப்பிடும் அம்மா, ஆடியில் சர்க்கரை 54க்கு இறங்கி மயங்கி விழுந்தார். அதிலிருந்து தம்பி கடலுக்குப் போகும் இரவெல்லாம் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. உடனே சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார்.

போன வாரம் மூன்று முறை குளுக்கோமீட்டரில் பார்த்தோம்: 148, 131, 66. மூன்றுக்கும் ஒரே நடுக்கம்தான். பயத்திலும் சர்க்கரை இறக்கத்திலும் சுரப்பது அதே அட்ரினலின், விரலைக் குத்தாமல் பிரித்தறிய முடியாது. 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கிறோம். 66 வந்ததை டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவும் குறைத்தாகிவிட்டது. சரி, அது முடிந்தது.

148 காட்டும்போதும் "மீட்டர் பொய் சொல்லுது" என்று சீனி டப்பாவைத் தேடும் அம்மாவை எப்படி நிறுத்துவது? வீட்டில் இதைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்.