ஓடை நெடுக வட்ட வட்டமாகக் குழிகள் வருகின்றன, காண்டூர் வரைவதில் உதவி வேண்டும்

மேட்டுநிலம்:
ஒரு நிலத்தின் ஸ்பாட் லெவல்களை வைத்து அரை மீட்டர் இடைவெளியில் காண்டூர் போடுகிறேன். நிலத்தின் நடுவே சிறு ஓடை. இரு கரை விளிம்பிலும் சுமார் 15 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரம் 42.7 முதல் 42.8 வரை. படுகையில் மட்டும் 40 மீட்டருக்கு ஒன்று: 41.20, 40.90, 40.60 என்று இறங்குகிறது. கரைக்குக் கரை அகலம் 14 மீட்டர்.

QGIS-இல் TIN போட்டால், படுகைப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி 41.5, 42.0, 42.5 கோடுகள் மூடிய வட்டங்களாக வருகின்றன. ஓடையே தெரியவில்லை, வரிசையாகக் குளங்கள்தான் தெரிகின்றன. ஸ்ப்லைன் போட்டுப் பார்த்தேன். கோடுகள் வழவழவென்று வந்தன, ஆனால் கரைக்கு வெளியே சமதளத்தில் 43.0 கோடு சின்னச் சின்ன மேடுகளாக மூடிக்கொள்கிறது. அங்கே 43-ஐத் தொடும் புள்ளி ஒன்றுகூட இல்லை. என்ன செய்வது?

செங்கோடு:
IDW போடுங்கள். அது அளந்த உயரங்களைத் தாண்டி மேலேயோ கீழேயோ போகவே போகாது. பொய் மேடு வர வழியே இல்லை.

குவாரிவரைவு:
எனக்கும் கோடுகள் கோணல் மாணலாகத்தான் வந்தன. காண்டூரைப் போட்டுவிட்டு ஸ்மூத்திங் கொடுத்தேன், அழகாகிவிட்டது. செங்குத்துச் சரிவில் மட்டும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டின, அதைக் கையால் நகர்த்தினேன்.

அளவுச்சங்கிலி:
செங்கோடு சொன்னதில் பாதி சரி. IDW மொத்த அளவுகளின் எல்லையைத் தாண்டாது. ஆனால் சுற்றியுள்ள புள்ளிகளைவிடச் சற்றே தாழ்ந்த புள்ளி ஒவ்வொன்றும் அதில் தனிக் குழியாகிவிடும். இந்த ஓடையில் இரண்டு படுகைப் புள்ளிகளுக்கு நடுவே அருகில் இருப்பவை கரைப் புள்ளிகள்தான், அதனால் அங்கே தரை மேலே இழுக்கப்படும். மறுபடியும் அதே குளங்கள்தான்.

மேட்டுநிலம், உங்கள் TIN-இன் முக்கோணங்களைத் திரையில் போட்டுப் பாருங்கள். அடுத்த படுகைப் புள்ளி 40 மீட்டர் தள்ளி இருக்கிறது, எதிர்க்கரை 14 மீட்டரில் இருக்கிறது. அதனால் மென்பொருள் கரையையும் கரையையும் நேராக இணைத்துவிடுகிறது. 42.7 உயரத்தில் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டியது மாதிரி. அணைக்கும் அணைக்கும் நடுவே குழி வராமல் என்ன செய்யும்?

படுகைப் புள்ளிகளை மேலிருந்து கீழாக ஒரே கோடாக இணையுங்கள். இரு கரை விளிம்புகளையும் தனித்தனிக் கோடாக்குங்கள். கோட்டின் முனைகளுக்கு உயர மதிப்பு இருக்க வேண்டும். TIN Interpolation-இல் அந்த அடுக்கின் வகையை Break lines என்று கொடுங்கள். முக்கோணங்கள் இனி அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாது.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு: 41.20-இலிருந்து 40.90-க்கு 40 மீட்டரில் 0.30 இறக்கம். அப்படியானால் 41.0 கோடு, மேல் புள்ளியிலிருந்து சுமார் 27 மீட்டர் கீழே படுகையை ஒரே ஒரு முறை கடக்க வேண்டும், கூர்முனை நீர் வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். வேறெங்காவது கடந்தால் கோட்டின் உயரங்களில் பிசகு.

மேட்டுநிலம்:
சார், குளங்கள் போய்விட்டன! 41.0 கோடும் நீங்கள் சொன்ன இடத்தில்தான் கடக்கிறது. ஆனால் எல்லாம் உடைந்த உடைந்த கோடுகள். இப்போது ஸ்மூத்திங் கொடுக்கலாமா?

அளவுச்சங்கிலி:
கோட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கோடும் பக்கத்துக் கோட்டைப் பற்றித் தெரியாமலே வளையும், அதனால்தான் குவாரிவரைவுக்கு அவை வெட்டிக்கொண்டன. பரப்பை மென்மையாக்குங்கள், கோடுகள் அதிலிருந்து வெட்டாமலே வரும்.

ஸ்ப்லைன் உங்களுக்கு மேடு காட்டியதற்குக் காரணம், கரையின் திடீர் திருப்பத்தில் அது மெதுவாகத்தான் வளையும். இறக்கத்திலிருந்து ஏறி வரும் வேகத்தில் விளிம்பைத் தாண்டியும் சற்று ஏறிவிட்டுத் திரும்புகிறது. இழுவிசை கூட்டினால் அது அடங்கும். மூன்று கோடுகளிலும் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்து, ஸ்பாட் லெவல்களோடு சேர்த்து GMT-க்குக் கொடுங்கள்:

```
gmt blockmean pts.txt -R0/400/0/250 -I2 > bm.txt
gmt surface bm.txt -R0/400/0/250 -I2 -T0.35 -Gdem.nc
```

-T என்பதுதான் அந்த இழுவிசை. 0 என்றால் வெறும் ஸ்ப்லைன். 1-ஐ நெருங்க நெருங்கப் பொய் மேடு குறையும், ஆனால் புள்ளிகளில் கூடாரம் மாதிரி கூர்மை வரும். 0.35-இல் தொடங்குங்கள், மேடு மிஞ்சினால் மட்டும் கூட்டுங்கள்.

அப்புறம் மூடிய கோடு ஒவ்வொன்றையும் பாருங்கள். மேடு என்றால் உள்ளே அந்தக் கோட்டைவிட உயர்ந்த அளவு ஒன்றாவது இருக்க வேண்டும், குழி என்றால் தாழ்ந்தது.

செங்கோடு:
படுகையில் நிஜமாகவே ஒரு மடு இருந்தால்? நீங்கள் போட்ட கோடு அதை மறைத்துவிடுமே.

அளவுச்சங்கிலி:
மறைக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சீரான இறக்கம் என்பது நம் ஊகம். 40 மீட்டருக்கு ஒரு அளவை வைத்துக்கொண்டு மடு உண்டா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்தை அளக்காமல் விட்டுவிட்டு வந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மேட்டுநிலம்:
0.45-இல் 43.0 வட்டங்கள் எல்லாம் போய்விட்டன, ஒன்றைத் தவிர. வடகிழக்கு மூலையில் 43.5 கோடு ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி மூடுகிறது. அங்கே அளவு 43.78, சுற்றிலும் எல்லாம் 42.8-க்குப் பக்கத்தில்.

அளவுச்சங்கிலி:
கிட்டத்தட்ட சரியாக ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால் ஸ்டாஃப் வாசிப்பில் ஒரு மீட்டர் தவறியதா என்று முதலில் சந்தேகப்படுவேன். புற்று அல்லது மண்குவியலாகவும் இருக்கலாம். லெவல் புத்தகத்தில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். தெரியும்வரை அந்தப் புள்ளியை நீக்க வேண்டாம்.