கிரவுண்டைச் சேர்த்தால் போர்டு எரியுமா? ஒரு மெல்லிய கம்பிக்கு இத்தனை சண்டை

பழனி_புதுசு:
ஆர்டுயினோ ஊனோ லேப்டாப் யுஎஸ்பியில் ஓடுகிறது. எல்298என் மோட்டார் டிரைவர் போர்டுக்குத் தனியாக 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. இரண்டு கியர் மோட்டார். ஐஎன்1, ஐஎன்2 முதலான சிக்னல் கம்பிகள் மட்டும் ஊனோவிலிருந்து போகின்றன. சில நேரம் சரியாக ஓடுகிறது, சில நேரம் நிறுத்தினாலும் நடுங்குகிறது. வேறு இழையில் ஒருத்தர், "12 வோல்ட் கிரவுண்டை 5 வோல்ட் கிரவுண்டோடு சேர்த்தால் ஊனோ எரிந்துவிடும்" என்று எழுதியிருந்தார். சேர்க்கலாமா, கூடாதா?

முறுக்குக்கம்பி:
அந்த இழையைப் படித்துவிட்டுத்தான் வருகிறேன். அதற்கு நாற்பது லைக் வேறு. 12 வோல்ட் என்பது பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில் இருப்பது. மைனஸை மட்டும் ஊனோவின் மைனஸோடு கட்டினால் அந்த 12 வோல்ட் எந்த வழியாக ஊனோவுக்குள் நுழையும் என்று அவரே சொல்லட்டும். சேர்க்க வேண்டும். சேர்க்காததால்தான் நடுங்குகிறது.

ஓம்ஸ்_ராஜா:
சேர்க்கணும், சரி. ஆனால் எதால்? ஜம்பர் கம்பியால் சேர்த்தால்தான் எரியும். குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போடுங்க பழனி. மெல்லிய கம்பியில் கிரவுண்ட் கொடுப்பது எல்லாரும் செய்கிற தப்பு.

முறுக்குக்கம்பி:
வந்துட்டார். ராஜா சார், சிக்னல் கிரவுண்டில் எவ்வளவு கரன்ட் போகும் என்று நினைக்கிறீர்கள்? எல்298என் இன்புட் ஒவ்வொன்றும் இழுப்பது மைக்ரோஆம்பியர் கணக்கில். அதற்கு வீட்டு வயரிங் கம்பி கேட்கிறீர்கள்.

சிஎன்சி_மச்சான்:
எங்க ரவுட்டர்ல டிபி6600 டிரைவர் மூணு இருக்கு. 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் தனி, ஆர்டுயினோ தனி. ரெண்டு கிரவுண்டும் எங்கேயும் சேரலை. ஜம்முனு ஓடுது. ஆக சேர்க்கணும்னு சொல்றதே கட்டுக்கதை.

முறுக்குக்கம்பி:
மச்சான், உங்க டிரைவர்ல பியுஎல்+ என்றும் பியுஎல்− என்றும் ரெண்டு முனை இருக்கிறதா? உள்ளே ஆப்டோகப்ளர். உங்க ஆர்டுயினோ ஏற்றுவது அதிலிருக்கிற ஒரு எல்ஈடியை மட்டும். அந்த கரன்ட் பிளஸ் முனையில் போய் மைனஸ் முனையில் திரும்பி வருகிறது. மோட்டார் பக்கம் அதற்குத் தெரியவே தெரியாது. அங்கே கிரவுண்டைச் சேர்த்தால் காசு கொடுத்து வாங்கிய தடுப்பை நீங்களே உடைத்த மாதிரி. எல்298என்-இல் ஐஎன்1 ஒற்றை முனை. போன கரன்ட் திரும்புவதற்கு கிரவுண்ட் கம்பியை விட்டால் நியாயமான வழி கிடையாது. அவர் கேட்டது எல்298என் பற்றி.

சிஎன்சி_மச்சான்:
அப்போ அவருடையதும் கிரவுண்ட் இல்லாம "சில நேரம் சரியாக ஓடுது"ன்னு எழுதியிருக்காரே, அது எப்படியாம்?

முறுக்குக்கம்பி:
இந்த இழையில் வந்த முதல் நல்ல கேள்வி. தப்பான ஆளிடமிருந்து வந்தது வேறு விஷயம்.

முன்னோக்கி ஓட ஐஎன்1 ஹை, ஐஎன்2 லோ. ஐஎன்1 வழியாக சிப்புக்குள் போன கரன்ட் சிப்பின் கிரவுண்டுக்கு வருகிறது. அங்கே கம்பி இல்லை. ஆனால் ஐஎன்2 ஊனோவில் லோ, அதாவது ஊனோவின் கிரவுண்டோடு தொட்டுக்கொண்டு நிற்கிறது. சிப்பின் கிரவுண்டுக்கும் ஐஎன்2 முனைக்கும் நடுவே சிலிக்கானில் தானாக உண்டான டயோடு ஒன்று இருக்கிறது. கரன்ட் அதில் புகுந்து, லோவாக இருக்கிற ஊனோ பின் வழியாக வீடு திரும்புகிறது. வாசல் பூட்டியிருந்தால் ஜன்னல் வழியாக வருவது போல.

இதனால் டிரைவரின் கிரவுண்ட் ஊனோவின் கிரவுண்டைவிட சுமார் 0.6 வோல்ட் மேலே மிதக்கும். ஊனோ தரும் 5 வோல்ட், சிப்புக்கு 4.4 வோல்ட்டாகத் தெரியும். எல்298 ஹை என்று ஏற்க 2.3 போதும். எனவே ஓடும். எல்லா சிக்னலும் ஒரே நிலைக்குப் போனால் அந்த ஜன்னலும் மூடிக்கொள்ளும். அப்புறம் டிரைவர் கிரவுண்ட் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, மோட்டார் சத்தமே அதை ஆட்டிவைக்கும். பழனி சொல்லும் நடுக்கம் அதுதான். இதே வயரிங்கில் ஊனோவைக் கழற்றிவிட்டு 3.3 வோல்ட் போர்டு வைத்தால் 2.7 தான் மிஞ்சும். விளிம்பில் நடப்பது அது.

பழனி, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை ஊனோ கிரவுண்டில், சிவப்பு முனை எல்298என் கிரவுண்ட் திருகில். மோட்டாரை ஒரு பக்கம் ஓட விடுங்கள். 0.6 வோல்ட் அருகே காட்டினால் கம்பி இல்லாமல் ஜன்னல் வழியாக வாழ்கிறீர்கள் என்று அர்த்தம்.

வயர்மேன்_ஐயா:
தம்பிகளா, இவ்வளவு எதற்கு. கிரவுண்ட் என்றால் எர்த். பேட்டரி மைனஸை மூணு பின் பிளக்கின் எர்த்தில் கொடுத்தால் முடிந்தது. நாங்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கொடுப்போம்.

முறுக்குக்கம்பி:
ஐயா, வணக்கம். அது ஆளைக் காப்பாற்றும் எர்த், இது சிக்னலுக்கு அளவுகோல். பேட்டரி மைனஸை எர்த்தில் கொடுத்தால் ஊனோவின் மைனஸும் எங்கேயாவது எர்த்தில் இருந்தால்தான் இரண்டும் சேரும். லேப்டாப் சார்ஜர் இரண்டு பின் என்றால் சேரவே சேராது. மேசைக் கணினி என்றால் சேரும், ஆனால் எப்படி? யுஎஸ்பி கேபிள், கணினி, பவர் கார்டு, சுவர், திரும்ப பேட்டரி என்று ஊரைச் சுற்றி. அரை அடியில் முடிகிற வேலைக்கு.

வயர்மேன்_ஐயா:
எர்த் இல்லாமல் வேலை செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவ்வளவுதான்.

ஓம்ஸ்_ராஜா:
ஐயாவை விடுங்க. நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. மெல்லிய கம்பி. பழனி பிரெட்போர்டில் பேட்டரி மைனஸைக் கொண்டுவந்து நீலக் கோட்டில் குத்தி, அங்கிருந்து ஒரு ஜம்பர் ஊனோவுக்கு, ஒரு ஜம்பர் எல்298என்-க்கு என்று போட்டால்? பத்தில் எட்டு பேர் அப்படித்தான் போடுகிறார்கள். அப்போது மோட்டார் கரன்ட் முழுக்க அந்த ஜம்பரில்தானே திரும்பும்?

முறுக்குக்கம்பி:
அது சிக்னல் கிரவுண்ட் கம்பி இல்லை, மோட்டாரின் மைனஸ் கம்பி. அதை ஜம்பரில் போடச் சொன்னது யார்?

ஓம்ஸ்_ராஜா:
போடுகிறார்கள் சார். கணக்கே போட்டுக் காட்டுகிறேன். 20 சென்டிமீட்டர் ஜம்பரும் இரண்டு பக்க முனைகளும் பிரெட்போர்டு பிடிப்பும் சேர்ந்து 0.1 ஓம் என்று வையுங்கள். மோட்டார் இரண்டும் இறுகி நின்றால் ஆளுக்கு 2 ஆம்பியர், மொத்தம் 4. கிரவுண்ட் 0.4 வோல்ட் தூக்கும். உங்க சிக்னல் எல்லாம் காலி.

முறுக்குக்கம்பி:
கணக்கு சரி, முடிவு தப்பு. ஊனோ தரும் 5 வோல்ட் டிரைவருக்கு 4.6 ஆகத் தெரியும். ஹை ஹைதான். லோ, மைனஸ் 0.4 ஆகத் தெரியும். தரவுத்தாள் இன்புட்டுக்கு விட்டிருக்கிற எல்லை மைனஸ் 0.3, எனவே அது சிப்புக்கு நல்லதில்லை, ஆனாலும் லோ லோதான். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் அடி வாங்குவது அனலாக். டிரைவர் பக்கத்துக் கிரவுண்டில் நிற்கும் பொட்டென்ஷியோமீட்டரை ஏ0-வில் படித்தால் 0.4 வோல்ட் என்பது 1023-இல் 82 எண்ணிக்கை. மோட்டார் ஓடும்போது மட்டும் அளவு எகிறும். ஆட்கள் உடனே சென்சாரை மாற்றுவார்கள், பாவம்.

அடுத்தது சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடர். பிடபிள்யூஎம் ஒவ்வொரு முறை மாறும்போதும் 4 ஆம்பியர் திடீரென்று எழுந்து விழும். அந்தக் குட்டிக் கம்பியின் இண்டக்டன்ஸே ஒரு கணம் வோல்ட் கணக்கில் குதிக்க வைக்கும். மல்டிமீட்டரில் அது தெரியாது, இன்டரப்ட் எண்ணிக்கையில் தெரியும். சக்கரம் பத்து சுற்று சுற்றினால் பன்னிரண்டு என்று சொல்லும்.

ஆக, கட்ட வேண்டிய முறை: பேட்டரி மைனஸிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் கம்பி நேராக எல்298என் கிரவுண்ட் திருகுக்கு. அதே திருகிலிருந்து ஒரு சாதாரண ஜம்பர் ஊனோ கிரவுண்டுக்கு, சிக்னல் கம்பிகளோடு சேர்த்து முறுக்கி. பிளஸ்ஸில் 5 ஆம்பியர் ஃபியூஸ். இப்போது அந்த ஜம்பரில் மோட்டார் கரன்ட் போக வழியே இல்லை. மோட்டாரைக் கையால் இறுக்கிப் பிடித்து, முன்பு சொன்ன இரண்டு இடங்களில் 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் பாருங்கள். கிட்டத்தட்ட சுழியமாக இருக்க வேண்டும். 100 மில்லிவோல்ட் தாண்டினால் மோட்டார் கரன்ட் வழி தவறி வருகிறது.

ஓம்ஸ்_ராஜா:
வழியே இல்லையா? ஊனோவின் வின் முனைக்கும் அதே பேட்டரியிலிருந்து கொடுத்தால்? இப்போது ஊனோ கிரவுண்டும் பேட்டரி மைனஸில். அந்த எல்298என் திருகு அதிர்வில் தளர்ந்தால் 4 ஆம்பியரும் ஜம்பர், ஊனோ, பேட்டரி என்று போகும். ஜம்பர் மெல்லியதாக இருந்தால் உருகும். நான் முதலிலிருந்தே சொல்வது இதைத்தான்.

முறுக்குக்கம்பி:
அப்படியானால் கம்பியைத் தடியாக்கினால் என்ன ஆகும்? கம்பி பிழைக்கும், ஊனோவின் செம்புத் தடம் உருகும். யுஎஸ்பி பக்கத்தில் இருக்கிற 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் பிளஸ்ஸில் இருக்கிறது. கிரவுண்டில் போகிறதை அது பார்க்கவே பார்க்காது. உங்க தடிக் கம்பி பாதுகாப்பு இல்லை, மாற்றுப்பாதையை அகலமாக்குகிற வேலை. மேலும் பழனி கேட்டது தனி சப்ளை. வின் கதை நீங்கள் உள்ளே கொண்டுவந்தது.

ஓம்ஸ்_ராஜா:
ஆக கரன்ட் வரும் என்று ஒப்புக்கொண்டீர்கள்.

முறுக்குக்கம்பி:
திருகு தளர்ந்தால் வரும். திருகை இறுக்குங்கள். கம்பியை ஏன் குறை சொல்கிறீர்கள்? போன மாதம் கெப்பாசிட்டர் இழையிலும் இதே பாணிதான். கடைசியில் "நான் சொன்னது வேறு" என்று கிளம்பினீர்கள்.

ஓம்ஸ்_ராஜா:
அந்த இழையில் நான் சொன்னதுதான் சரி, வேண்டுமானால் திறந்து பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர்.

சிஎன்சி_மச்சான்:
எல்298என் வாங்கினதே தப்புன்னு யாரும் சொல்லலையே. பேட்டரி வோல்ட்டேஜ்ல ரெண்டு வோல்ட்டுக்கு மேல அதுவே சாப்பிட்டுடும்.

முறுக்குக்கம்பி:
அது வேறு இழை. அதையும் நான்தான் எழுதினேன்.

பழனி_புதுசு:
அண்ணா, அளந்தேன். முன்னோக்கி ஓடும்போது 0.58 காட்டியது. நீங்கள் சொன்ன மாதிரி திருகிலிருந்து ஜம்பர் போட்ட பிறகு 3 மில்லிவோல்ட், நடுக்கம் இல்லை. ஒரு சந்தேகம். அந்த நீல போர்டில் 5 வோல்ட் ஜம்பரைக் கழற்றிவிட்டு ஊனோவிலிருந்து 5 வோல்ட் கொடுத்திருந்தேன், கிரவுண்ட் இல்லாமலேயே. அதனால் ஏதாவது கெட்டிருக்குமா?

முறுக்குக்கம்பி:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படியென்றால் ஜன்னல் வழியாகத் திரும்பியது மைக்ரோஆம்பியர் இல்லை. எல்298-இன் லாஜிக் பகுதி 36 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம். அது முழுக்க லோவாக இருந்த பின்கள் வழியாக ஊனோவுக்குள் போயிருக்கும். ஊனோ பின் ஒன்றின் உச்ச எல்லை 40. ஒவ்வொரு பின்னுக்கும் 1 கிலோஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குக் கட்டி, லோ செய்து அளந்து பாருங்கள். மற்ற பின்களைவிட ஏதாவது ஒன்று தூக்கலாகக் காட்டினால் அந்தப் பின்னை நம்பாதீர்கள். எல்298 இன்புட் எப்படி இருக்கிறது என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓம்ஸ்_ராஜா:
பார்த்தீர்களா, 36 மில்லிஆம்பியர். சிக்னல் கம்பியில் மைக்ரோஆம்பியர்தான் என்று மேலே யாரோ சொன்னார்கள்.

முறுக்குக்கம்பி:
கிரவுண்ட் கம்பி இல்லாதபோது சார். இல்லாதபோது.

வயர்மேன்_ஐயா:
எர்த் கொடுத்தீர்களா தம்பி?