பொருள்: ‘கைது’, ‘எச்சரிக்கை’ என முடியும் செய்தித் தலைப்புகளுக்குக் கலைச்சொல்

ரோஸ்ஹில், மொரீஷியஸ், மாலைத் தமிழ் வகுப்பு ஆசிரியை:
கேட்டல் பயிற்சிக்கு வானொலிச் செய்தி அறிக்கையைப் பயன்படுத்துகிறேன். வீட்டில் கிரியோல் பேசும் என் மாணவர்கள் விரிவான செய்தியை ஓரளவு பிடித்துக்கொள்கிறார்கள். தலைப்புச் செய்தியில்தான் தடுமாறுகிறார்கள். “மீனவர்கள் கைது”, “அமைச்சர் எச்சரிக்கை” என வினைமுற்று இல்லாமல் முடியும் அமைப்பை என்னவென்று அழைக்கலாம்? ‘சுருக்கத் தலைப்பு’ போதுமா?

போர்ட் லூயி:
புதுச்சொல் எதற்கு அம்மா? “அவர் ஆசிரியர்” என்பதைப் போல இதுவும் பெயர்ப்பயனிலைதான்.

மோக்கா:
அய்யா, உருவத்தில் அப்படித் தெரிகிறது. ஆனால் அவரும் ஆசிரியரும் ஒருவரே. மீனவர்களும் கைதும் ஒன்றல்லவே! அங்கே ‘செய்யப்பட்டனர்’ தொக்கி நிற்கிறது. ‘சுருக்கம்’ என்றால் எது போயிற்று என்பது விளங்காது.

கேட்பவரைக் குழப்புவது இதுதான்: மீனவர்கள் செயலுக்கு உள்ளானவர்கள், அமைச்சரோ செய்பவர். இரண்டு பெயரிலும் உருபு இல்லை. அமைப்பில் வேறுபாடே தெரியாது. எச்சரிக்கை என்றதும் ‘விடுத்தார்’, கண்டனம் என்றதும் ‘தெரிவித்தார்’, உத்தரவு என்றதும் ‘பிறப்பித்தார்’ என்று உரிய வினை நினைவுக்கு வந்தால்தான் யார் செய்தார் என்பது புலப்படும். “அமைச்சருக்கு எச்சரிக்கை” என்றால் எல்லாம் தலைகீழ். அந்தக் ‘கு’ காதில் விழாவிட்டால் செய்தியே மாறிவிடும். ஆகவே ‘வினைதொகு தலைப்பு’ என்கிறேன். ‘வினைத்தொகை’ வேண்டாம், அது ‘ஊறுகாய்’ போன்ற சொற்களுக்கு உரியது.

கியூர்பிப்:
என் பேரன் தலைப்புகளை நன்றாகவே படிக்கிறான். சூறாவளி அறிக்கைதான் சிக்கல். “மூன்றாம் வகை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதைத் தொடர்ந்து பேருந்துச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது” என்றால், ‘தொடர்ந்து’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் தொடர்ந்து ஓடும் என்கிறான்! இதற்கும் சொல் உண்டா?

ரோஸ்ஹில்:
அது வேறு சிக்கல் அய்யா. அங்கே ‘தொடர்ந்து’ என்பதற்கு ‘அதன் பின்’ என்று பொருள். ஆனால் உங்கள் வாக்கியம் எனக்குப் பயன்படுகிறது. அதன் தலைப்பு “பேருந்துச் சேவை நிறுத்தம்” என்று வரும். ‘சேவை’யைத் தவறவிடும் மாணவர், பஸ் நிற்கும் இடத்தைப் பற்றிய செய்தி என்றே எண்ணுவார். தலைப்பை ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்துவேன். அவர்கள் முழு வாக்கியமாக எழுதுவார்கள். பிறகு விரிவான செய்தியைக் கேட்டு ஒப்பிடுவார்கள். “அமைச்சர் எச்சரிக்கப்பட்டார்” என்று ஒருவர் எழுதினால், கேட்டதில் பிழையில்லை, ‘எச்சரிக்கை விடுத்தார்’ என்ற வழக்கு தெரியவில்லை என்று அறிந்துகொள்ளலாம். இந்தப் பயிற்சிக்கு ‘வினைமீட்பு’ என்று பெயர் வைக்கலாமா?

போர்ட் லூயி:
வினைமீட்பு நன்று. ஆனால் “மழைக்கு வாய்ப்பு” என்பதில் எதை மீட்பது? வாய்ப்பு பெயர்ப்பயனிலைதானே?

மோக்கா:
அங்கே வாய்ப்பு எழுவாய். ‘உள்ளது’தான் தொக்கியிருக்கிறது.

போர்ட் லூயி:
சொல்லாமலே விளங்கும் ‘உள்ளது’வையும், சொன்னால்தான் விளங்கும் ‘விடுத்தார்’ஐயும் ஒரே பெயரில் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரோஸ்ஹில்:
பயிற்சிக்கு ‘வினைமீட்பு’ என்றே இந்த வாரம் வகுப்பில் சொல்லப் போகிறேன். ‘வினைதொகு’ பிள்ளைகளின் வாயில் நுழையுமா என்று தெரியவில்லை. எளிய மாற்று இருந்தால் எழுதுங்கள்.