ஒரு பங்கை ஏற்று, மீதியில் வேறுபடுவதற்கு ஒரு சொல்

மீனாட்சி, வடபழனி

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வு எழுதுவோருக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறேன். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் பேச்சுத் தாளின் 3ஆம் பகுதிக்கு இருவரைச் சேர்த்து உட்கார வைத்து, நடுவில் ஒரு கேள்வியும் சுற்றிலும் ஐந்து குறிப்புகளும் உள்ள தாளைத் தருவார்கள். 15 நொடி பார்த்துவிட்டு 2 நிமிடம் தங்களுக்குள் பேச வேண்டும். அப்புறம் 1 நிமிடத்தில் ஒரு முடிவை நோக்கிப் போக வேண்டும்.

எங்கள் மாணவர்கள் தடுமாறுவது மறுக்கிற இடத்தில்தான். பட்டென்று "நோ, ஐ டோன்ட் அக்ரீ" என்று முடித்துவிடுவார்கள். அல்லது மனத்தில் வேறு கருத்து இருந்தும் "யெஸ், ஐ அக்ரீ" என்று நின்றுவிடுவார்கள். துணையாளர் சொன்னதில் ஒரு பங்கை ஏற்று, மீதியில் வேறுபடும் உத்திக்கு என்ன பெயர் வைக்கலாம்?

செல்வம், அம்பத்தூர்

"நயமறுப்பு" எப்படி? சுருக்கமாக இருக்கிறது. "ஐ சீ வாட் யூ மீன், பட்...", "ஐ'ம் நாட் ஸோ ஷுர் அபௌட் தட்" போன்ற மென்மையான தொடர்களை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும். "டிஸக்ரீ" என்ற சொல் வாயில் வரவே கூடாது. மதிப்பெண் போய்விடும்.

கலைவாணி, தாம்பரம்

மீனாட்சி மேடம், என் மகள் ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறாள். தேர்வாளர் சொல்வதை மறுத்துப் பேசலாமா? அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறாள்.

மீனாட்சி

கலைவாணி அம்மா, ஐஇஎல்டிஎஸ்ஸில் இந்த இணை உரையாடல் கிடையாது. அங்கே தேர்வாளர் கேட்பார், மகள் பதில் சொல்வாள். தன் கருத்தைக் காரணத்தோடு சொல்லட்டும், பயமே வேண்டாம். நான் கேட்டது இரண்டு தேர்வர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் தேர்வைப் பற்றி.

இளங்கோவன், மயிலாப்பூர்

செல்வம் தம்பி சொன்ன தொடர்கள் நல்லவையே. ஆனால் "டிஸக்ரீ" சொன்னதற்காக மதிப்பெண் போவதில்லை. காரணம் சொல்லாமல் நிறுத்தினால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும், குறை அதுதான். மனப்பாடத் தொடரிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: நகரத்தில் தண்ணீரைச் சேமிக்க என்ன செய்யலாம்? கூரையில் விழும் மழைநீர் இலவசம், அதைத் தொட்டியில் பிடிப்பதே நல்லது என்கிறார் முதலாமவர். இரண்டாமவர் இப்படிச் சொல்லலாம்:

"தட்ஸ் எ குட் பாயிண்ட், பட் ஐ திங்க் ஃபிக்ஸிங் லீக்ஸ் இஸ் பெட்டர்."

காதில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தாலும் இதைச் சொல்லிவிடலாம். "பட்" என்பதற்கு முன்னால் துணையாளரின் கருத்து எதுவுமே இல்லை. இப்படிச் சொன்னால்?

"யூ'ர் ரைட் தட் ரெயின்வாட்டர் இஸ் ஃப்ரீ, பட் இட் ஒன்லி ரெயின்ஸ் ஃபார் எ ஃபியூ மன்த்ஸ் ஹியர். ஷுட்ன்'ட் வீ ஃபிக்ஸ் தி லீக்கிங் டேப்ஸ் ஃபர்ஸ்ட்?"

இலவசம் என்பதைப் பெயர் சொல்லி ஏற்கிறார், காரணத்தோடு விலகுகிறார், கேள்வியால் பேச்சைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆகவே நாம் வைக்கும் பெயர் ஏற்பைச் சொல்ல வேண்டும். "நயமறுப்பு" குரலின் மென்மையை மட்டும் சொல்கிறது.

நன்னூல் பாயிரத்தின் எழுவகை மதத்தில், அதாவது நூல் எழுதுபவர் மேற்கொள்ளும் ஏழு வகைக் கொள்கைகளில், உடன்படல், மறுத்தல் ஆகியவற்றுக்கு அடுத்ததாகவே "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" வருகிறது. பிறர் கருத்தை முதலில் ஏற்று, பின் நீக்குவது. அதை ஒட்டி "ஏற்றுக்களைதல்" எனலாம்.

செல்வம்

ஐயா, காரணம்தான் முக்கியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் களைதல் என்றால் பிடுங்கி எறிவது ஆயிற்றே? இங்கே முதலாமவர் கருத்து ஒரு பங்காவது நிற்கிறது. நூல் எழுதுபவருக்கு மறுதரப்பை வீழ்த்த வேண்டும், தேர்வருக்கு அது தேவையில்லை. "ஏற்றுவிலகல்" பொருந்தும்.

மீனாட்சி

இருவரும் இப்போது செய்ததையே கையேட்டில் எடுத்துக்காட்டாகப் போடலாம் போல! "ஏற்றுவிலகல்" மாணவர்களுக்கு உடனே புரியும், இப்போதைக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும். "நீங்க சொல்றது சரிதான், ஆனா..." என்று நாம் தினமும் பேசுவதால் உத்தி அவர்களுக்குப் புதிதல்ல. அந்தத் "தான்" ஆங்கிலத்தில் போகும்போதுதான் "யூ ஆர் கரெக்ட் ஒன்லி, பட்" என்று ஆகிவிடுகிறது. "தட்ஸ் ட்ரூ, பட்" அல்லது "தட் மே பி ட்ரூ, பட்" என்று பழக்குகிறேன்.

இளங்கோவன்

"விலகல்" எனக்கு இன்னும் உறுத்துகிறது, உரையாடலை விட்டே எழுந்து போவதாகப் படுமோ? "ஏற்றுவேறுபடல்" நீளம், ஆனால் துல்லியம். யோசியுங்கள். உடன்படும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். "எக்ஸாக்ட்லி" என்று நிறுத்தாமல் "எக்ஸாக்ட்லி, அண்ட் இட் ஆல்ஸோ சேவ்ஸ் மனி" என்று துணையாளரின் கருத்துக்கு மேல் ஒன்றைக் கூட்டுவது அது. "உடன்பட்டு நீட்டல்" என எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?