பழைய மெட்ராஸ் படம்: வானத்தில் நீலம் ஒட்ட மாட்டேங்குது, உங்களுக்கு எப்படி வந்தது?

பாரிமுனைப் பையன்
வீட்டுப் பெட்டியில கிடைச்ச பழைய படம் ஒண்ணை ஸ்கேன் பண்ணி GIMP-ல கலர் ஏத்திட்டிருக்கேன். முன்னாடி வெட்டவெளி, ஒரு மாட்டு வண்டி. நடுவுல தென்னை மரங்கள். பின்னாடி தூரத்துல ஹைகோர்ட் கோபுரங்கள். வண்டி, மண் எல்லாம் `LCh Color` லேயர்ல அழகா வந்துடுச்சு. பின்னணிதான் படுத்துது. வானத்துல எவ்வளவு நீலம் தீட்டினாலும் வெள்ளையாவே நிக்குது. கட்டடத்துக்குச் சிவப்பு போட்டா தீப்பிடிச்சுக் கருகின மாதிரி இருக்கு. இதுல கை வெச்சவங்க சொல்லுங்க.

குரோம்பேட்டை குமார்
படம் இன்னும் Grayscale-லயே இருக்கும் ப்ரோ. `Image > Mode > RGB` மாத்துங்க, எனக்கும் இதான் ஆச்சு. எந்த இடத்துக்கு என்ன கலர்னு சாம்பலே சொல்லிடும். கறுத்திருந்தா சிவப்பு, வெளுத்திருந்தா நீலம் இல்லன்னா மஞ்சள்.

இருட்டறை
Grayscale-ஆக இருந்தால் மாட்டு வண்டிக்கே நிறம் வந்திருக்காது குமார். ஆனால் சிவப்பு, நீலம் பற்றிச் சொன்னது சரி. அந்தக் காலத்துக் கேமராவில் போட்ட கண்ணாடிப் பிளேட்டுகளுக்கு நீல வெளிச்சம்தான் கண்ணில் படும், சிவப்பு படாது. அதனால்தான் பழைய படங்களில் பாட்டிகளின் குங்குமம் மைப்பொட்டு மாதிரித் தெரிகிறது. மஞ்சள்தான் தப்பு, அதுவும் கறுத்துத்தான் விழும். எல்லா நிறத்தையும் பதியும் பிளேட் 1906-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பரவலாகப் புழங்க இன்னும் பல வருஷம் ஆயிற்று.

பையன், உங்கள் வானம் பளீர் வெள்ளையாகவும் செங்கல் கறுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இது ஒன்றே. `LCh Color` வெளிச்ச அளவைக் கீழே உள்ள படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். சுத்த வெள்ளையில் நிறம் உட்கார இடமே கிடையாது.

போன வருஷம் நான் ஒரு கடற்கரைப் படத்தில் செய்ததைச் சொல்கிறேன். வானத்துக்கு மட்டும் தனி லேயர், மோடு `Multiply`. உச்சியில் `#86A9C8`, தொடுவானத்தில் `#DDE3E0` என்று கிரேடியன்ட் இழுத்தேன். நம் ஊரில் கடலோரத் தொடுவானம் எப்போதும் வெளிறித்தான் இருக்கும், கீழ்வரைக்கும் நீலமாக இழுத்தால் காலண்டர் படம் ஆகிவிடும். `Multiply`-இல் ஒரு வசதி, தென்னங்கீற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டாம். கறுப்பின் மேல் நீலம் விழுந்தாலும் கறுப்பாகவே இருக்கும், கீற்றுக்கு இடையில் வானம் தானாக எட்டிப்பார்க்கும். வெளிறிய கட்டட விளிம்புகளில் மட்டும் மாஸ்க் போட்டு அழித்துவிடுங்கள்.

செங்கல்லுக்கு முதலில் நிறம் வேண்டாம். கட்டடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து `Colors > Curves`-இல் நடுப்பகுதியைத் தூக்குங்கள். வளைவுகளின் உள் இருட்டைப் பார்த்துக்கொண்டே தூக்க வேண்டும், அது சாம்பலாக மாறினால் அதிகம் போய்விட்டீர்கள். அப்புறம் `#9A5B48`, அதுவும் பாதி அடர்த்தியில். தூரத்துச் செங்கல் பக்கத்துச் செங்கல் அளவுக்குச் சிவக்காது.

மாம்பலம் மாமி
எங்க மாமனார் கல்யாண போட்டோவிலயும் பின்னணியில மலை, ஏரி, மாடிப்படி எல்லாம் இருக்கு. அதுக்கும் இதே நீலம் போடலாமா?

இருட்டறை
அது ஸ்டுடியோ திரையாக இருக்கும் மாமி. பல இடங்களில் அந்தத் திரையையே சாம்பல் வண்ணத்தில்தான் வரைந்திருப்பார்கள். நிஜ மலை மாதிரி பச்சை அடித்தால் மாமனார் ஊட்டியில் நிற்பது போல ஆகிவிடும். லேசான பழுப்போடு விட்டுவிடுங்கள்.

மாம்பலம் மாமி
ஊட்டின்னா அவருக்குச் சந்தோஷம்தான்! பச்சையே போடறேன்.

அலைவாய்
வானம் நீலம்னு முதல்ல யார் சொன்னா? இந்த பிளேட்டுல மேகமும் வெள்ளை, நீல வானமும் வெள்ளை. நான் ஒரு அடையாறு முகத்துவாரப் படத்துக்கு நல்ல நீலம் போட்டு வெச்சேன், ஏதோ இடிச்சுது. பார்த்தா படத்துல ஒரு மரத்துக்கும் நிழல் இல்ல, மூட்டமான நாள். வண்டிச் சக்கரத்தோட நிழல் தரையில எப்படி விழுந்திருக்கு பாருங்க.

பாரிமுனைப் பையன்
ஆரக்கால் எண்ணுற அளவுக்குக் கூர்மையா விழுந்திருக்கு. அப்போ வெயில்தான். `Multiply` போட்டேன், நீலம் ஒட்டிக்கிச்சு, கீற்று சூப்பர். ஆனா வானம் மட்டும் பிளாஸ்டிக் ஷீட் மாதிரி வழுவழுன்னு இருக்கே?

இருட்டறை
மற்ற இடமெல்லாம் பிளேட்டின் பொடிப் புள்ளி இருக்கிறது, வெளுத்த வானத்தில் இல்லை. வான லேயரில் `Filters > Noise > RGB Noise` மிகக் குறைவாகப் போடுங்கள். முன்னால் உள்ள மண்ணோடு 100% ஜூமில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குரோம்பேட்டை குமார்
படம் எந்த வருஷம்னு தெரிஞ்சா பிளேட்டும் தெரியுமே? ஹைகோர்ட் 1892-ல முடிஞ்சது.

அலைவாய்
பெரிய கோபுரத்து உச்சியில விளக்குக் கூண்டு இருக்கா? இருந்தா 1894-க்கு அப்புறம், அந்த வருஷம்தான் அங்க கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பிச்சுது. ஆனா 1977 வரைக்கும் அங்கதான் எரிஞ்சுது, அதனால அதை வெச்சு மேல்வரம்பு சொல்ல முடியாது.

பாரிமுனைப் பையன்
கூண்டு இருக்கு. செங்கல் இப்போ பரவாயில்ல. கோபுரங்களோட கூம்புக்குத்தான் அன்னிக்கு என்ன கலர்னு தெரியல. இப்ப இருக்கிறதைப் போட மனசு வரல, சாம்பலாவே விட்டிருக்கேன். யார்கிட்டயாவது கையால வண்ணம் தீட்டின பழைய போஸ்ட்கார்டு இருக்கா?

இருட்டறை
என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பச்சை, இன்னொன்றில் காவி. தீட்டியவர்கள் ஹைகோர்ட்டை நேரில் பார்த்தார்களா என்பதே சந்தேகம்.